டோக்கன் எண் 40913: என்எஃப்டி எதை நிரூபிக்கிறது, எதை விட்டுவிடுகிறது (கேள்வி பதில்)

எத்தீரியம் என்ற பிளாக்செயினில், அதாவது எவராலும் திருத்த முடியாத பொதுப் பதிவேட்டுச் சங்கிலியில், எழுதப்படும் ஒப்பந்த நிரல்களைப் படித்துச் சரிபார்ப்பது ஏழாண்டுகளாக என் தொழில். உடைமை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில் எழுதுகிறேன். விலை ஏறுமா, இறங்குமா என்பது என் துறை அன்று.

புதிதாய் வந்தவன்: ஐயா, ஒரு என்எஃப்டி வாங்கினால் உண்மையில் எனக்கு எது சொந்தமாகிறது?

எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்றையே பிரித்துப் பார்ப்போம். பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் ‘எவ்ரிடேஸ்’ படத்தொகுப்பு 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற புனைபெயரில் இயங்கிய, தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் சென்று வாழும் விக்னேஷ் சுந்தரேசன். அந்த விற்பனையால் எத்தீரியத்தில் மாறியது ஒரே ஒரு வரிதான்: மேக்கர்ஸ்பிளேஸ் என்ற விற்பனைத்தளத்தின் ஒப்பந்த நிரலில் 40913 என்ற எண்ணுக்கு, அதாவது அந்த என்எஃப்டி டோக்கனுக்கு, நேரே இருந்த முகவரி நீங்கி, வேறொரு முகவரி பதிவானது. இத்தகைய நிரலிடம் நாம் கேட்கக்கூடிய முக்கியமான கேள்விகள் இரண்டே.

```
function ownerOf(uint256 _tokenId) external view returns (address);
function tokenURI(uint256 _tokenId) external view returns (string);
```

முதல் கேள்விக்கு விடையாக ஒரு வாலட் முகவரி வரும். அந்த வாலட்டின் சாவி இன்று யார் கையில் இருக்கிறது, அவர் அதை எப்படிப் பெற்றார் என்பது வராது. இரண்டாவது கேள்விக்கு ஓர் இணைய முகவரி வரும்; படம் வராது. 40913-ஐப் பொறுத்தவரை அந்த முகவரி ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பில் உள்ள ஒரு சிறிய கோப்புக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. அந்தக் கோப்பில் தலைப்பும் விவரமும் படத்துக்கான இன்னொரு இணைப்பும் இருக்கின்றன. 21,069 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட, சுமார் 319 எம்பி அளவுள்ள படம் அந்த இரண்டாவது இணைப்பின் மறுமுனையில்தான் இருக்கிறது. அந்த இணைப்போ மேக்கர்ஸ்பிளேஸ் நிறுவனமே நடத்திய வாயிலின் வழியாகச் செல்லும்படி எழுதப்பட்டது. 2025 தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் தளத்தை மூடுவதாக அறிவித்தது.

நல்ல வேளையாக அந்த இணைப்புக்குள்ளேயே கோப்பின் ஹேஷ், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறி, எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கோப்பை எவரேனும் பாதுகாத்து வைத்திருந்தால் வேறு வாயில் வழியாகவும் அதைப் பெறலாம். வந்து சேர்ந்தது அதே கோப்புதான் என்று பிட் பிசகாமல் சரிபார்க்கவும் முடியும். ஆனால் ஹேஷ் ஒரு கோப்பை அடையாளம் காட்டுமே தவிர, அதைச் சேமித்து வைக்காது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் 2022 நவம்பரில் திவாலானபோது, அதன் சொந்த சர்வரைச் சுட்டிய டோக்கன்களின் படங்கள் காணாமற்போயின. டோக்கன்கள் மட்டும் அவரவர் வாலட்டில் அப்படியே இருந்தன. அதனால்தான் எவர் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஒப்பந்த முகவரியைப் பாருங்கள்.

வலது சொடுக்கு: அந்தப் படத்தை நான் என் கணினியில் சேமித்துக்கொண்டால் அது எனக்கும் சொந்தம்தானே?

இல்லை. உங்களிடம் ஒரு நகல் இருக்கும். அதை அச்சிட்டு விற்கும் உரிமை வராது. டோக்கனை வாங்கியவருக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடுவதில்லை.

சங்கிலிப் பொறியாளர்: நீங்கள் குறைத்துச் சொல்கிறீர்கள். பிளாக்செயினில் பதிந்த வரலாற்றை எவராலும் திருத்த முடியாது. ஓவியரின் வாலட்டிலிருந்து டோக்கன் கிளம்பியது என்று பதிவு காட்டினால், ஓவியர்தான் அதைப் படைத்தார் என்பதற்கு அதைவிட வலுவான சான்று ஏது?

வரலாற்றைத் திருத்த முடியாது என்ற உங்கள் வாதம் சரி. ஆனால் ஓவியர்தான் படைத்தார் என்ற முடிவு அதிலிருந்து பிறக்கவில்லை. பதிந்ததைத் திருத்த முடியாது என்பது உண்மைதான். பொய்யையே பதிந்தால் அந்தப் பொய்யையும் திருத்த முடியாது.

ஏலம் முடிந்த அடுத்த மாதமே இதை ஒருவர் செய்து காட்டினார். மான்சியர் பெர்சோன் என்ற புனைபெயரில் இயங்கிய அவர், அதே ‘எவ்ரிடேஸ்’ படத்துக்கு இரண்டாவது டோக்கன் ஒன்றை உருவாக்கினார். அது பீப்பிளின் வாலட்டில் பிறந்து, பின்னர் அங்கிருந்து தம் வாலட்டுக்கு வந்ததாகப் பதிவு காட்டும்படி செய்தார். பீப்பிளின் சாவி அவரிடம் இல்லை, தேவைப்படவும் இல்லை. ஒப்பந்த நிரல் அவருடையது. ஒரு டோக்கன் கைமாறும்போது நிரல் `Transfer` என்ற அறிவிப்பை வெளியிடுகிறது. அதில் ‘யாரிடமிருந்து’ என்ற இடத்தில் எந்த முகவரியை நிரப்புவது என்பதை நிரலை எழுதியவரே தீர்மானிக்கிறார். என்எஃப்டிகளுக்கான ஈஆர்சி-721 தரநிலை இந்த அறிவிப்பின் வடிவத்தை வரையறுக்கிறது. அதில் வரும் செய்தி உண்மைதானா என்று எத்தீரியம் சோதிப்பதில்லை. இதற்கு ‘ஸ்லீப்மின்ட்டிங்’ என்று பெயர் வந்தது.

சங்கிலிப் பொறியாளர்: அப்படியானால் கண்டுபிடிப்பது எளிது. பரிவர்த்தனையில் கையொப்பமிட்டு அனுப்பியவர் யார் என்பதும் பதிவில் இருக்கிறதே? அவரும் டோக்கனை அனுப்பியவரும் வேறுபட்டால் மோசடி.

பாதி சரி. கையொப்பத்தைப் போலியாக்க முடியாது என்பதால் அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். ஆனால் இருவரும் வேறுபடுவது மட்டுமே மோசடிக்கு அடையாளம் என்று கொண்டால், நேர்மையான விற்பனைகளில் பெரும்பகுதி மோசடி ஆகிவிடும். விற்பவர் முன்கூட்டியே `setApprovalForAll` வழியாகச் சந்தைக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார். பிறகு வாங்குபவர் பணம் செலுத்தும்போது அவருடைய கையொப்பத்தில்தான் டோக்கன் நகர்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது, அந்த அனுமதியை உரியவர் முன்னதாக எப்போதாவது தம் கையொப்பத்துடன் கொடுத்திருக்கிறாரா என்பதை. ஸ்லீப்மின்ட் செய்த டோக்கனுக்கு அத்தகைய தடயம் இருக்காது.

சங்கிலிப் பொறியாளர்: சரி, அந்தத் தடயமும் இருந்தால்? அப்போதாவது நிரூபணம் ஆயிற்றா?

அந்த வாலட்டின் சாவியை வைத்திருப்பவர் அனுமதித்தார் என்பது நிரூபணம் ஆயிற்று. அந்த வாலட் பீப்பிளுடையது என்பதை நமக்கு யார் சொன்னார்? கிறிஸ்டீஸ் தன் ஏலக் குறிப்பில் வாலட் முகவரி, ஒப்பந்த முகவரி, டோக்கன் எண் மூன்றையும் வெளியிட்டது, பீப்பிளும் அதைத் தம்முடையது என்று ஏற்றார். அதனால்தான் 40913 அசலாகவும் மற்றது நகலாகவும் நமக்குப் படுகிறது. இரண்டையும் வேறுபடுத்தும் சான்று சங்கிலிக்கு வெளியே இருக்கிறது. மனிதர்களின் வாக்குமூலமே அது. சங்கிலி அந்த வாக்குமூலத்தை ஓர் எண்ணுடன் மாறாமல் பிணைத்து வைக்கிறது. அது பெரிய உதவி என்பதை நான் மறுக்கவே இல்லை.

வண்ணத்தூரிகை: நான் கோலங்களை நவீன பாணியில் வரைபவள். என் படங்களில் பதினொன்றை யாரோ என்எஃப்டி ஆக்கி விற்கிறார்கள். அவர் பெயரில் பதிவாகிவிட்டதால் நான் உரிமை இழந்துவிட்டேனா?

இழக்கவில்லை, அம்மா. படத்தை வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. டோக்கன் உருவாக்கும் இடத்தில் ‘இது உன் படம்தானா’ என்று எந்த நிரலும் கேட்பதில்லை. 2022 ஜனவரியில் என்எஃப்டி சந்தையான ஓப்பன்சீ நிறுவனம், தன் இலவசக் கருவியால் உருவான படைப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருட்டு, போலித் தொகுப்பு, குப்பை ஆகியவையே என்று தானே ஒப்புக்கொண்டது.

விற்பனைத்தளத்துக்குப் பதிப்புரிமை மீறல் அறிவிப்பு அனுப்புங்கள். அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்புகளையும் முதன்முதலில் வெளியிட்ட நாளையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒப்பந்த முகவரியையும் எண்ணையும் தனித்தனியே குறிப்பிடுங்கள், திரைப்பிடிப்பு மட்டும் போதாது. தளம் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். டோக்கன் சங்கிலியில் அழியாமல் நிற்கும், வேறொரு தளத்தில் மீண்டும் தலைகாட்டவும் கூடும். அதற்கு முழுத்தீர்வு இன்னும் இல்லை.

சட்ட மாணவி: விற்பவர் ‘பதிப்புரிமையும் டோக்கனோடு சேர்ந்து வரும்’ என்று இணையதளத்தில் எழுதியிருந்தால் போதாதா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருபவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். அமெரிக்கச் சட்டமும் கையொப்பமிட்ட எழுத்தைக் கேட்கிறது. வாலட் கையொப்பம் அந்தக் கையொப்பமாகுமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. முதல் விற்பனையில் ஓவியர் ஒப்பமிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், நான்காவது கைமாற்றத்தில் எவர் எதில் ஒப்பமிட்டார்?

போர்ட் ஏப் என்ற குரங்குப் பட என்எஃப்டி தொகுப்பு இந்தக் குழப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் விதிமுறை முதலில் ‘படம் முழுவதும் உங்களுக்கே சொந்தம்’ என்று கூறிவிட்டு, அடுத்த பத்திகளில் படத்தைப் பயன்படுத்த உரிமம் தருகிறது. சொந்தமானதற்கு உரிமம் எதற்கு? 2022 மே மாதம் நடிகர் சேத் கிரீனின் ஏப் டோக்கன் இணையத் தூண்டிலில் சிக்கித் திருடுபோனது. திருடியவர் அதை மூன்றாம் நபருக்கு விற்றார். அந்தப் பாத்திரத்தை வைத்துத் தொடர் எடுக்கும் முனைப்பில் இருந்த கிரீன், இறுதியில் எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் 165 கொடுத்துத் திரும்ப வாங்கினார். இடைப்பட்ட நாட்களில் உரிமம் எவரிடம் இருந்தது? விதிமுறையோ உடைமை முழுவதையும் நிரலே தீர்மானிக்கும் என்கிறது. திருட்டுப் பொருளைப் பற்றிய பொதுச் சட்டம் வேறு சொல்லக்கூடும். நீதிமன்றம் போகாமலே பணத்தால் முடிந்ததால் விடை கிடைக்கவில்லை.

ஒரு தெளிவு மட்டும் உண்டு. அதே 2022-இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றம், கடனுக்கு ஈடாக வைத்த போர்ட் ஏப் டோக்கன் ஒன்றை விற்கவோ மாற்றவோ கூடாது என இடைக்காலத் தடை விதித்தபோது, டோக்கன் சொத்தாகக் கருதத்தக்கது என்ற வாதத்தை ஏற்றது. சொத்து என்று சொன்னது டோக்கனை. படத்தின் பதிப்புரிமை அங்கே கேள்வியாகவே எழவில்லை.

மண்ணின் மைந்தன்: என் அப்பாவின் நிலப் பத்திரத்தை என்எஃப்டி ஆக்கித் தம்பிக்கு அனுப்பிவிட்டால் பதிவு அலுவலகம் போக வேண்டாம்தானே?

போயே ஆக வேண்டும். நிலத்தின் உரிமை மாறுவது பதிவான பத்திரத்தால். உங்கள் டோக்கன் எந்த வில்லங்கச் சான்றிலும் ஏறாது. தயவுசெய்து இதைச் செய்துவிடாதீர்கள், பிற்பாடு குடும்பத்துக்குள் வழக்காகும்.

கணக்குப்பிள்ளை: வரி எவ்வளவு?

ஆதாயத்துக்கு 30 விழுக்காடு என்பது 2022-இல் வந்த விதி. உங்கள் கணக்குக்கு ஆடிட்டரைக் கேளுங்கள். உடைமை குறித்து ஒன்று சொல்லலாம்: கையில் தொடக்கூடிய பொருளின் உரிமையைச் சட்டப்படி செல்லத்தக்க வகையில் மாற்றித் தரும் டோக்கனை 2022 ஜூன் அறிவிக்கை தனியே பிரித்து வைத்தது. எல்லா டோக்கன்களும் அப்படிச் செய்வதில்லை என்பதை அரசே கணக்கில் எடுத்திருக்கிறது.

பனியன் நகரம்: டோக்கன் வாங்கிவிட்டேன், அதன் படத்தைப் பனியனில் அச்சிட்டு விற்கலாமா?

இதே கேள்வி நான்காவது முறையாக வருகிறது. சட்ட மாணவிக்கு எழுதியதைப் படியுங்கள். தொகுப்பின் உரிமத்தில் வணிகப் பயன்பாடு எழுதியிருந்தால் மட்டும் அச்சிடலாம். எழுதியிருப்பதைக் காண ஒப்பந்த முகவரியிலிருந்து தொடங்குங்கள், படத்திலிருந்து தொடங்காதீர்கள்.

சங்கிலிப் பொறியாளர்: கடைசியாக ஒன்று. படத்தையே சங்கிலிக்குள் வைத்துவிட்டால் உங்கள் ஆட்சேபம் தீருமா? கிரிப்டோபங்க்ஸ் என்ற தொகுப்பு 2021-இல் அப்படிச் செய்ததே.

படம் காணாமற்போகும் அச்சம் தீரும். அந்தப் பத்தாயிரம் படங்களும் 24-க்கு 24 பிக்சல் என்பதால் அது முடிந்தது. 319 எம்பி கோப்புக்கு அந்தச் செலவை எவரும் தாங்க மாட்டார்கள். ஆனால் படம் சங்கிலிக்குள் ஏறிய பிறகும் அதன் பதிப்புரிமை தொகுப்பை உருவாக்கிய லார்வா லேப்ஸிடமே இருந்தது. 2022 மார்ச்சில் அதை போர்ட் ஏப் தொகுப்பின் நிறுவனமான யூகா லேப்ஸ் விலைக்கு வாங்கியது. அந்தப் பதிப்புரிமை கைமாறுவதற்குப் பத்தாயிரம் டோக்கன்களில் ஒன்றின் `Transfer` கூட நிகழ வேண்டியிருக்கவில்லை.