கோபத்தைத் தாங்கும் சொற்கள்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு வயது 71. நகைக்கடன் வாங்கிய அன்றே அவர் கணக்கிலிருந்து காப்பீட்டுக்கென்று 1,850 ரூபாயை வங்கி எடுத்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று முறை கிளைக்குப் போய்விட்டேன். “கையெழுத்துப் போட்டிருக்கிறாரே” என்கிறார்கள், ஆனால் படிவத்தைக் காட்டவில்லை. நான் எழுதிய புகாரில் “கொள்ளைக்காரர்களே, நீங்கள் குருடர்களா, மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்றெல்லாம் வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டால் வெறும் விண்ணப்பமாகிவிடுகிறது. சூடு குறையாமல் எப்படி எழுதுவது?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. அது கடிதத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வசைச்சொற்களை முதலில் எடுத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில், வசைமொழி கொண்ட புகாரை ஏற்க வேண்டியதில்லை என்றே விதி இருக்கிறது. உங்கள் கடிதம் நாளை அங்கே போகக்கூடும். மேலும், “குருடர்களா” என்பது பார்வையற்றவர்களையும், “மாடு மேய்க்க” என்பது மாடு மேய்ப்பவர்களையும் இழிவுபடுத்துகிறதே தவிர, வங்கியின் தவறைச் சொல்லவில்லை.

வசையை எடுத்ததும் கடிதம் விண்ணப்பமாகிவிடுவதற்குக் காரணம், நாம் பள்ளியில் பழகிய “தாழ்மையுடன்”, “ஆவன செய்யுமாறு” ஆகிய சொற்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதுதான். அவற்றையும் நீக்குங்கள். “பணம் எடுக்கப்பட்டுள்ளது” என்று எழுதினால் எடுத்தவர் மறைந்துவிடுகிறார். “எடுத்தீர்கள்” என்று எழுதுங்கள். மரியாதைப் பன்மையும் குற்றச்சாட்டும் அந்த ஒரே வினைமுற்றில் சேர்ந்து நிற்பது தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி.

அடுத்து, தவறின் அளவுக்குப் பொருந்தும் சொல். மெத்தனம் என்பது செய்ய வேண்டியதை மெதுவாகச் செய்வது. அலட்சியம் என்பது அதைப் பொருட்படுத்தாதது. பாராமுகம் அதைவிடக் கடுமையானது; கண்டபின்பும் முகத்தைத் திருப்பிக்கொள்வதைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்லி அனுப்புவது தட்டிக்கழித்தல். உங்கள் கதையில் நடந்தது இந்தக் கடைசி ஒன்றுதான். மூன்று முறை போன தேதிகளையும் பக்கத்தில் எழுதிவிட்டால் அந்தச் சொல்லை யாரும் மறுக்க முடியாது. எல்லாச் சொற்களையும் ஒரே பத்தியில் கொட்டினால் எதுவும் உறைக்காது.

“கொள்ளை”, “மோசடி” இரண்டும் வேண்டாம். அவை குற்றச்செயலின் பெயர்கள். ஏமாற்றும் நோக்கம் இருந்ததை நீங்கள் நிறுவ வேண்டிவரும். “ஒப்புதல் இல்லாமல்” என்பதிலும் கவனம் தேவை. கடன் தாள்களோடு சேர்த்து நீட்டிய படிவம் ஒன்றில் அப்பா கையெழுத்திட்டிருந்தால், வங்கி அதைக் காட்டிய நொடியில் உங்கள் கடிதம் முழுவதும் பொய்போல் ஆகிவிடும். “எதற்கென்று சொல்லாமல்” என்பது, கையெழுத்து இருந்தாலும் நிற்கும்.

கணக்கு அப்பாவுடையது என்பதால் கடிதம் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். நடுப்பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

“நகைக்கடன் கொடுத்த நாளிலேயே, காப்பீடு என்று ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லாமல், என் கணக்கிலிருந்து ரூ.1,850 எடுத்தீர்கள். நான் கையெழுத்திட்டதாகச் சொல்லும் படிவத்தைக் காட்டும்படி என் மகன் மூன்று முறை நேரில் வந்து கேட்டான். மூன்று முறையும் தட்டிக்கழித்தீர்கள். 71 வயதில் அவசரத்துக்கு நகையை அடகு வைக்க வந்தவனிடம் இப்படி நடந்துகொண்டது மன்னிக்க முடியாத செயல். இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். ஏழு நாட்களுக்குள் படிவத்தின் நகலைக் கொடுங்கள். பிடித்த தொகையைத் திருப்பி வரவு வையுங்கள்.”

“வன்மையாகக் கண்டிக்கிறேன்” என்பது மேடைகளில் தேய்ந்துபோன தொடர்தான். ஆனாலும் தேதியும் தொகையும் சொல்லி முடித்தபின் ஒரே ஒரு முறை வந்தால் அதன் கனம் திரும்பிவிடுகிறது. முதல் வரியில் வைத்தால் வெறும் முழக்கமாகிவிடும். “அடகு வைக்க வந்தவனிடம்” என்ற தொடரில்தான் என் கணிப்பில் கடிதத்தின் முழுக் கோபமும் இருக்கிறது. அதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை.

“உங்களைச் சும்மா விடமாட்டேன்” என்பதற்குப் பதில், “30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன்” என்று முடியுங்கள். அந்தத் திட்டம் வங்கிக்குக் கொடுத்திருக்கும் அவகாசம் அதுதான் என்பது கிளை மேலாளருக்குத் தெரியும். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாட்கள் அன்றிலிருந்துதான் ஓடும்.