ஆர்.ஓ.இ. 22 சதவீதம் என்றால் அது நல்ல நிறுவனமா? கடன் எப்படி அந்த எண்ணை ஏற்றுகிறது?

கேள்வி: பங்குச்சந்தையைப் பற்றி நானாகவே படித்துக் கற்றுவருகிறேன். ஒரே பொருளைச் செய்யும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் ஆர்.ஓ.இ. 12 சதவீதம், மற்றதன் ஆர்.ஓ.இ. 22 சதவீதம். இரண்டாவதில் கடன் அதிகம். அதைத் திறமையான நிறுவனம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

ஆர்.ஓ.இ. என்பது நிகர லாபத்தைப் பங்குதாரர்களின் சொந்த நிதியால் வகுத்துக் கிடைக்கும் விகிதம். சொந்த நிதி என்பது பங்கு மூலதனமும், இத்தனை ஆண்டுகளில் பங்கிடாமல் சேர்த்துவைத்த லாபமும் சேர்ந்த தொகை. தொழிலில் போட்டிருக்கும் பணத்தில் எவ்வளவு கடனாக வந்தது என்பதை இந்த விகிதம் சொல்வதில்லை. வகுக்கும் எண்ணில் கடன் இடம்பெறாததுதான் காரணம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள இரண்டு ஆலைகள், ஒவ்வொன்றிலும் மொத்தம் 100 கோடி ரூபாய் முதலீடு. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் இரண்டிலும் 16 கோடி. வரி 25 சதவீதம். முதல் ஆலையில் கடனே இல்லை. ஆகவே 4 கோடி வரி போக 12 கோடி நிற்கும், ஆர்.ஓ.இ. 12 சதவீதம். இரண்டாவது ஆலையில் சொந்தப் பணம் 30 கோடி, 10 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் 70 கோடி. வட்டி 7 கோடி போக 9 கோடி, அதில் வரி போக 6.75 கோடி. இதை 30 கோடியால் வகுத்தால் 22.5 சதவீதம். இரண்டிலும் அதே இயந்திரங்கள், அதே விற்பனை, அதே திறமை. முதலாளிகள் போட்ட பணம் குறைவு என்பது மட்டுமே வேறுபாடு.

ஏறக்குறைய இருமடங்கான இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

```
வரிக்கு முந்தைய ஆர்.ஓ.இ. = மொத்த முதலீட்டின் வருவாய்
   + (அந்த வருவாய் − வட்டி விகிதம்) × (கடன் ÷ சொந்த நிதி)

16 + (16 − 10) × (70 ÷ 30) = 30
30 × 0.75 = 22.5
```

அடைப்புக்குள் இருக்கும் 6 சதவீத இடைவெளிதான் இங்கே எல்லாமும். தொழில் 16 சதவீதம் ஈட்டும்போது கடன் கொடுத்தவருக்கு 10 கொடுத்தால் போதும். மிச்சம் முழுவதும் பங்குதாரர்களுக்கு வந்துசேர்கிறது. ஆனால் அந்த இடைவெளி சுருங்கினாலும் இதே பெருக்கல்தான் வேலை செய்யும். தொழிலின் வருவாய் 10 சதவீதமாகக் குறைந்தால் இரண்டு ஆலைகளின் ஆர்.ஓ.இ.யும் சரியாக 7.5 சதவீதத்தில் வந்து நிற்கும். கடனால் பயனும் இல்லை, கேடும் இல்லை. வருவாய் 8 ஆனால் கடனில்லாத ஆலை 6 சதவீதம் ஈட்டும், கடன் வாங்கிய ஆலை 2.5 சதவீதம்தான் ஈட்டும். வருவாய் 6 ஆனால் முதல் ஆலை 4.5 சதவீத லாபத்தில் இருக்கும்போதே இரண்டாவது ஆலை நட்டத்துக்குப் போய்விடும். மூலப்பொருள் விலை ஏறுவதாலோ விற்பனை மந்தமாவதாலோ 16 கோடி 8 கோடியாவது, சுழற்சித் தொழில்களில் அவ்வளவு அரிதான நிகழ்வு அல்ல. லாபம் ஏறி இறங்கினாலும் வட்டி ஏறி இறங்குவதில்லை.

டூபாண்ட் பகுப்பாய்வு என்ற ஒன்றை நீங்கள் படித்திருக்கக்கூடும். ஆர்.ஓ.இ.யை விற்பனையில் நிகர லாபத்தின் விகிதம், சொத்தைப்போல் எத்தனை மடங்கு விற்பனை என்ற சொத்துச் சுழற்சி, சொத்துக்கும் சொந்த நிதிக்கும் உள்ள மடங்கு என மூன்றாகப் பிரிக்கும் முறை அது. பயனுள்ளதுதான், ஆனால் தானாகப் படிப்பவர்களை ஓர் இடத்தில் அது தவறாக வழிநடத்தும். வட்டி போன பிறகுதான் நிகர லாபம் வருகிறது என்பதால், கடன் அந்த மடங்கை உயர்த்தும்போதே லாப விகிதத்தைக் குறைக்கவும் செய்கிறது. நம் ஆலைகளின் விற்பனை 200 கோடி என்று கொண்டால் முதல் ஆலையின் நிகர லாப விகிதம் 6 சதவீதம், இரண்டாவதற்கு 3.4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இதைப் பார்த்து இரண்டாவது ஆலை மோசமாக நடத்தப்படுகிறது என்று எண்ணுவதும் பிழையே. ஆகவே நான் முதலில் ஆர்.ஓ.சி.இ.யைப் பார்க்கிறேன். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை, கடனும் சொந்த நிதியும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது அது. இரண்டு ஆலைகளுக்கும் அது 16 சதவீதம் என்று ஒரே எண்ணைக் காட்டும். ஆர்.ஓ.இ. உயரமாகவும் ஆர்.ஓ.சி.இ. சாதாரணமாகவும் இருந்தால், அந்த உயரத்தைக் கொடுத்தது பெரும்பாலும் கடன்தான்.

இதிலும் ஒரு பொறி உண்டு, அதில் நானே விழுந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்கு வாங்கிய ஒரு நிறுவனத்தின் மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் கடன் சுமார் 200 கோடி என்றே இருந்தது. எனக்கு அது மிதமாகப் பட்டது. லாப நட்டக் கணக்கிலோ வட்டிச் செலவு 38 கோடி. வகுத்துப் பார்த்தால் 19 சதவீத வட்டி. வங்கியில் 10, 11 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும் நிறுவனம் ஏன் 19 கொடுக்கவேண்டும் என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 350 கோடி கடனில் ஓடிவிட்டு, மார்ச்சில் வியாபாரிகளிடம் வசூலை முடுக்கியும், சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியதைத் தள்ளிப்போட்டும் அந்த ஒரு நாளுக்குக் கடனைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள் என்பது, செப்டம்பர் மாத அரையாண்டு இருப்புநிலையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதற்குள் லாபம் சரிந்து பங்கு விலை பாதியாகியிருந்தது. வட்டிச் செலவை ஆண்டிறுதிக் கடனால் வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வாடகைக் குத்தகைகளின் வட்டியும் அந்தச் செலவில் சேர்ந்திருக்கும் என்பதால், குத்தகைப் பொறுப்பையும் கடனோடு சேர்த்தே வகுக்க வேண்டும்.

கணக்கு முடிக்கும் நாளுக்காகக் கடனைச் சுருக்குவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2007ஆம் ஆண்டில் சுமார் 2,250 கோடி டாலர் சொந்த நிதியின் மேல் 69,100 கோடி டாலர் சொத்துகளை வைத்திருந்தது. ஏறத்தாழ 31 மடங்கு. அந்த ஆண்டு லாபம் 420 கோடி டாலர், ஆர்.ஓ.இ. 19 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், சொத்தின் மீதான வருவாயோ வெறும் 0.6 சதவீதம். சொத்து மதிப்பு 3.3 சதவீதம் சரிந்தாலே சொந்த நிதி முழுவதும் கரைந்துவிடும் நிலை அது. 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு தாக்கலானது. காலாண்டு இறுதிகளில், சொத்துகளை விற்றுச் சில நாட்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும் 'ரெப்போ 105' என்ற ஏற்பாட்டின் மூலம், 2008 இரண்டாம் காலாண்டில் மட்டும் சுமார் 5,000 கோடி டாலரை அது ஏட்டிலிருந்து தற்காலிகமாக அகற்றியதை, 2010இல் வெளியான நீதிமன்ற ஆய்வாளரின் அறிக்கை விவரித்தது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கடன்தான் கச்சாப்பொருள் என்பதால் மேலே சொன்ன ஆர்.ஓ.சி.இ. சோதனை அங்கே பொருந்தாது. சொத்தின் மீதான வருவாயையும் மடங்கையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உங்கள் இரண்டாவது நிறுவனத்துக்கு, மிக மோசமாகப் போன ஓர் ஆண்டின் வட்டிக்கு முந்தைய லாபத்தை எடுத்து, இன்றைய வட்டிச் செலவோடு ஒப்பிடுங்கள். அந்த லாபம் வட்டியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் நான் மேற்கொண்டு படிப்பேன். வட்டியையே எட்டவில்லை என்றால், 12 சதவீதம் காட்டும் முதல் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத்தான் எடுப்பேன்.