மூன்று மதிப்பெண்ணில் மாறிய பிரிவு

வணக்கம் மேடம். என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் பள்ளியில் கணக்குக்கு மட்டும் மதிப்பெண் பார்த்து மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். 60 வாங்கினால் நடுப்பிரிவு. இவள் 57, அதனால் கடைசிப் பிரிவு. பின்னக் கணக்கில்தான் நிறையத் தவறு. இப்போது "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று நோட்டை மூடிவிடுகிறாள். பள்ளியோடு சண்டை போடவா, விட்டுவிடவா?

அன்புள்ள சகோதரிக்கு,

57-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே தேர்வை வைத்துச் சொல்லவே முடியாது. அதே பிள்ளை அடுத்த வாரம் எழுதினால் 62 வரலாம். இதை அவளிடமும் சொல்லுங்கள்.

ஆனால் என் கவலை பிரிவின் பெயரைப் பற்றியது அல்ல. அங்கே என்ன நடத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். கென்யாவில் 2005-ல் 121 தொடக்கப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்பை மதிப்பெண்படி இரண்டாகப் பிரித்தார்கள். பிரிக்காத பள்ளிகளைவிட அங்கே பின்தங்கிய பிள்ளைகளும் நன்றாக முன்னேறினார்கள். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து ஆசிரியர் பாடத்தைத் தொடங்க முடிந்தது ஒரு முக்கியக் காரணம். பல பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கீழ்ப்பிரிவுக்குப் பாடத்தைக் குறைத்துவிடுவார்கள். மேல்பிரிவு சமன்பாடு முடித்திருக்கும்போது இவர்கள் பழைய பயிற்சியையே போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பிள்ளை தேறினாலும் மேலே போக முடியாது, ஏனென்றால் நடுவில் இருந்த பாடங்களை அவள் பார்த்ததே இல்லை.

அதனால் சண்டை வேண்டாம், ஆனால் விட்டும் விடாதீர்கள். நடுப்பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கி இவள் நோட்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே பாடங்கள் இருந்து, இவளுக்கு விளக்கம் கூடுதலாக இருந்தால் நல்லது. பாடங்களே விடுபட்டிருந்தால் ஆசிரியரிடம் அந்தப் பாடங்களின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மறுபடி எப்போது பிரிப்பார்கள் என்பதற்கும் ஒரு தேதி கேட்டு வாங்குங்கள். வருடம் முழுக்க மாற்றமே இல்லை என்றால் அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஆட்சேபிக்கலாம்.

இனி வீட்டில். விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். 1/3 + 1/4 = 2/7 என்பது போல எழுதியிருக்கிறாளா? இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் செய்யும் தவறு இது. "1/3-ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய், 2/7 அதைவிடப் பெரிதா சிறிதா?" என்று கேளுங்கள். ஒரே அளவு காகிதப் பட்டைகள் இரண்டை மடித்து அளந்தால் 2/7 சிறிது என்று அவளே கண்டுபிடிப்பாள். பகுதிகளை ஒரே அளவாக்கி 4/12 + 3/12 = 7/12 என்று போட்டதும், தனக்கு வராதது கணக்கு இல்லை, பின்னத்தில் ஒரு படி மட்டுமே என்று அவளுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிய பிரிவில் போட்டி குறைவு என்பதால் சில வாரங்களில் அவள் சந்தோஷமாகக்கூட இருக்கலாம். அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தெரியாத கணக்கைத் தொட்டுப் பார்த்துத் தவறாகவாவது போடுகிறாளா, இல்லை வெற்றிடமாக விடுகிறாளா என்று பாருங்கள். வெற்றிடங்கள் கூடிக்கொண்டே போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்த நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.