லெட் நைட்ரேட் வந்தால் அட்டவணையை எப்படிக் கொண்டுபோவது? கேள்வி பதில்

மாணவி: மேடம், எளிய உப்பில் லெட் நைட்ரேட் வந்தால் சோதனைகளை எந்த வரிசையில் எழுதணும்? ஒரு மாதிரி கொடுங்க.

முதலில் உலர்ந்த உப்பு, அடுத்து அமில உறுப்பு, கடைசியாகக் கார உறுப்பு. முக்கியமான வரிகளை மட்டும் தருகிறேன். மற்ற அமில உறுப்புகளும் முதல் தொகுதிக்குக் கீழே உள்ளவையும் இதில் இல்லை.

| சோதனை | காண்பன | அறிவன |
|---|---|---|
| உலர்ந்த சோதனைக்குழாயில் உப்பைச் சூடாக்குதல் | படபடவென வெடித்துப் பழுப்பு வாயு வருகிறது. எஞ்சியது ஆறியதும் மஞ்சள் | நைட்ரேட், லெட் இருக்கலாம் |
| உப்பு + நீர்த்த கந்தக அமிலம் | வாயு இல்லை | கார்பனேட், சல்பைடு இல்லை |
| உப்பு + தாமிரத் துருவல் + அடர் கந்தக அமிலம், சூடாக்குதல் | அடர்ந்த செம்பழுப்பு வாயு | நைட்ரேட் இருக்கலாம் |
| சோடியம் கார்பனேட் சாற்றில் பழுப்பு வளையச் சோதனை | இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் | நைட்ரேட் உறுதி |
| உப்பு + சோடியம் ஹைட்ராக்சைடு, சூடாக்குதல் | அம்மோனியா நெடி இல்லை | அம்மோனியம் இல்லை |
| நீரில் கரைத்த மூலக்கரைசல் + நீர்த்த HCl | வெள்ளை வீழ்படிவு | முதல் தொகுதி. லெட் இருக்கலாம் |
| வீழ்படிவை வெந்நீரில் கரைத்து, ஒரு பகுதியில் பொட்டாசியம் அயோடைடு | மஞ்சள் வீழ்படிவு. சூடாக்கினால் கரைந்து, ஆறும்போது பொன்னிறத் தகடுகளாக மின்னுகிறது | லெட் உறுதி |
| இன்னொரு பகுதியில் பொட்டாசியம் குரோமேட் | மஞ்சள் வீழ்படிவு. அசெட்டிக் அமிலத்தில் கரையாது, சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும் | லெட் உறுதி |

மூன்றாவது கட்டத்தைக் கவனிங்க. சில வரிகளில் 'இருக்கலாம்', சில வரிகளில் 'உறுதி'. தாமிரத் துருவல் வரியிலேயே 'நைட்ரேட் உறுதி' என்று எழுதிவிட்டால், அதற்குக் கீழே பழுப்பு வளையத்துக்கு வேலையே இல்லை.

அம்மோனியம் சோதனையைத் தொகுதிகளுக்கு முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு. மூன்றாம் தொகுதிக்குப் போனால் நீங்களே அம்மோனியம் குளோரைடு ஊற்றுவீங்க. அதன் பிறகு நெடி வந்தால் அது உப்பில் இருந்ததா, நீங்கள் ஊற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாணவன்: எனக்கு HCl ஊற்றியும் ஒன்றும் வரலை. இரண்டாம் தொகுதியில் மட்டும் கறுப்பா வந்தது. அப்போ காப்பர்னு எழுதலாமா?

உங்கள் மூலக்கரைசல் என்ன நிறம் என்று சொல்லவே இல்லையே. நீலமோ பச்சையோ இல்லாமல் நிறமற்று இருந்தால் காப்பரை நான் நம்ப மாட்டேன். லெட் குளோரைடு முழுக்கக் கரையாத பொருள் இல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 கிராம் கரையும், கொதிநிலையில் சுமார் 33 கிராம். ஒரு சிட்டிகை உப்பைக் குழாய் நிறையத் தண்ணீரில் கரைத்தாலோ, கரைசல் சூடாக இருக்கும்போதே HCl ஊற்றினாலோ முதல் தொகுதியில் ஒன்றும் விழாது. லெட் அப்படியே நழுவிப்போய், ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தும்போது கறுப்பு லெட் சல்பைடாக விழும். பல அட்டவணைகளில் லெட் இரண்டு தொகுதிகளிலும் இருப்பது இதனால்தான்.

புதிதாகக் கொஞ்சம் உப்பை எடுத்து, 2 மி.லி. தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, குழாயைக் குழாய்த்தண்ணீரில் காட்டி நன்றாகக் குளிரவைத்த பிறகு HCl விடுங்க. குழாயின் உட்புறத்தைக் கண்ணாடிக் கோலால் லேசாகத் தேய்த்தால் வீழ்படிவு சீக்கிரம் தொடங்கும்.

இன்னொன்று: உப்பு கரையவில்லை என்று மூலக்கரைசலையே HCl-இல் தயாரித்திருந்தால் முதல் தொகுதி வரிக்கே அர்த்தம் இல்லை. அங்கே HCl ஏற்கெனவே இருக்கிறது.

மாணவி: பழுப்பு வளையம் வரவேண்டிய இடத்தில் வெள்ளையா தயிர் மாதிரி கலங்கிடுச்சு. ரெண்டு தடவை செய்தும் அதேதான்.

உப்பின் நீர்க்கரைசலிலேயே நேராகச் செய்திருக்கீங்க, இல்லையா? ஃபெரஸ் சல்பேட் ஊற்றியதுமே லெட் சல்பேட் வெள்ளையாக விழுந்துவிடும். பிறகு கந்தக அமிலம் அதை இன்னும் கூட்டும். வளையம் உள்ளே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

லெட்டை முதலில் வெளியேற்றணும். உப்பு ஒரு பங்கு, சோடியம் கார்பனேட் மூன்று பங்கு, 15 மி.லி. வாலைவடிநீர் சேர்த்து பத்து நிமிடம் கொதிக்க வையுங்க. லெட் கார்பனேட்டாகி அடியில் தங்கிவிடும், நைட்ரேட் மேலே தெளிந்த நீரில் இருக்கும். வடிகட்டிய சாற்றில் நுரைப்பது நிற்கும்வரை நீர்த்த கந்தக அமிலம் விட்டு, அப்போதே கரைத்த ஃபெரஸ் சல்பேட்டைச் சேருங்க. பாட்டிலில் மஞ்சளாகிப்போன பழைய கரைசல் வேண்டாம். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் அமிலத்தைச் சுவரோடு ஒட்டி மெதுவாக இறக்குங்க. அது கனம், தானே அடிக்குப் போகும். குலுக்கினால் வளையம் கலைந்துவிடும், சூடேறினாலும் மறைந்துவிடும்.

டியூஷன் எடுப்பவர்: சாறு தயாரித்துவிட்டால் எல்லா அமில உறுப்புகளையும் அதிலேயே பார்த்துவிடலாம். தனித்தனியாக உப்பு எடுத்துச் செய்வது நேர விரயம்.

பாதி சரி சார். சாற்றில் நாமே கார்பனேட்டைப் போட்டிருக்கிறோம், அதனால் கார்பனேட்டை மட்டும் உலர்ந்த உப்பில்தான் பார்க்கணும். மற்றவற்றுக்குச் சாறு சரி. ஆனால் எந்த அமிலத்தால் நடுநிலைப்படுத்துகிறோம் என்பதில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். சல்பேட் பார்க்கப் போகும் சாற்றில் கந்தக அமிலம் விட்டால், பேரியம் குளோரைடு எந்த உப்புக்கும் வெள்ளை காட்டும். அங்கே HCl. குளோரைடு பார்க்கும்போது HCl கூடாது, அங்கே நைட்ரிக் அமிலம். பழுப்பு வளையத்துக்கு நைட்ரிக் அமிலம் கூடாது.

ஓர் அப்பா: என் மகனின் உப்பும் சூடாக்கியபோது வெடித்ததாம். அப்போ அது லெட் நைட்ரேட்தானே?

வெடித்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதுங்க. சாதாரண சோடியம் குளோரைடு படிகமும் உள்ளே மாட்டிய தண்ணீரால் அப்படித்தான் வெடிக்கும். பழுப்பு வாயு வந்ததா, மீதி மஞ்சளாக இருந்ததா?

ஓர் அப்பா: வாயு பார்க்கவில்லையாம், மீதி வெள்ளைதானாம்.

அப்படியென்றால் லெட் நைட்ரேட் என்று எழுத வேண்டாம். அது எந்த உப்பு என்று இதை வைத்து என்னாலும் சொல்ல முடியாது. குளோரைடு சோதனையையும் தொகுதிகளையும் செய்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்க.

மாணவன்: முதல் தொகுதியிலேயே லெட் கிடைச்சாச்சு. இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் 'இல்லை, இல்லை'னு எழுதணுமா?

எளிய உப்பு என்றால் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே ஒரு கார உறுப்புதான் இருக்கப் போகிறது. முதல் தொகுதிக்கு முன்னால் உள்ள 'இல்லை' வரிகளை மட்டும் விடாதீங்க, அவை உங்கள் முடிவைத் தாங்குபவை.

டியூஷன் எடுப்பவர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருத்துபவர் எல்லாத் தொகுதிகளையும் எதிர்பார்த்தால் மதிப்பெண் போகும்.

இருக்கலாம் சார். அது அந்தந்த ஆய்வகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனால் செய்யாத சோதனைக்குக் காண்பன எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

மாணவி: மஞ்சள் வீழ்படிவையெல்லாம் சிங்க்கில் ஊற்றலாமா மேடம்?

வேண்டாம். லெட் விஷம், குரோமேட்டும் விஷம். இரண்டையும் கழிவு பாட்டிலில் விடுங்க. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் தொடணும்.