வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 6 வயதுப் பிள்ளைகள் ஏன் சலித்துப்போகிறார்கள்?

"சிட்னியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகள் வரமாட்டேன் என்கிறாள். மாதக்கணக்காக அ, ஆ எழுதுவதுதான் பாடம். வேறு வழி உண்டா?"

உண்டு. 247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் முடித்த பிறகே வாசிப்பு என்று வைத்தால், வாரம் ஒரே வகுப்பில் ஓராண்டு போய்விடும். அதுவரை பிள்ளையால் ஒரு வரி படிக்க முடியாது. சலிப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ட, ப, ம மூன்றோடு தொடங்கச் சொல்லுங்கள். வடிவம் எளிது, புள்ளியும் சேர்த்தால் முதல் வகுப்பிலேயே படம், பட்டம், மட்டம் வாசிக்கலாம். அடுத்துத் துணைக்கால்: மாமா, பாப்பா, பாடம். பிறகு இகரக் குறி: பாட்டி, மாமி, மாடி. வீட்டில் கூப்பிடும் பெயர்களே பாடத்தில் வந்துவிடும். அன்று மாலை பாட்டிக்குத் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டச் சொன்னால், தனியாக வீட்டுப்பாடம் வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் 'படம்', 'பட்டம்' இரண்டிலும் டகரத்தை ஒரே மாதிரி ஒலிப்பார்கள். விதி சொல்லாமல், இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் கேட்க வையுங்கள்.

எழுத்து பிடிபட்டதா என்று அறிய நோட்டைப் பார்க்காதீர்கள். அழகாகப் பார்த்தெழுதுவது வேறு. 'மாடம்' போலச் சொல்லித்தராத சொல்லைக் காட்டுங்கள். கூட்டி வாசித்தால் போதும், பொருள் பிறகு வரட்டும்.