பழைய லேத்தை விற்றதில் வந்த குறுகிய கால ஆதாயம்

கேள்வி: பத்து வருஷம் ஓட்டிய மெஷினை, வாங்கியதில் பாதி விலைக்குக்கூட விற்கவில்லை. ஆடிட்டர் "குறுகிய கால மூலதன ஆதாயம்" என்று வரி கட்டச் சொல்கிறார். நஷ்டத்துக்கு விற்றதற்கு எப்படி ஆதாயம் வரும்?

உங்கள் ஆடிட்டர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நீங்களும் என்னைப் போலச் சின்னப் பட்டறை நடத்துபவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் இந்த வரியைக் கட்டியவன், அதனால் ஒவ்வொரு எண்ணையும் உட்கார்ந்து புரிந்துகொண்டவன்.

முதலில், வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். வருமான வரிக் கணக்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மதிப்பு கிடையாது. ஒரே தேய்மான விகிதம் உள்ள மெஷின்கள் எல்லாம் ஒரே பிளாக். லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர் எல்லாம் பொதுவாக 15 சதவீத பிளாக்கில் கிடக்கும். வருஷா வருஷம் அந்த மொத்தத்தில்தான் தேய்மானம் கழிகிறது. ஒன்றை விற்றால், விற்ற பணம் அந்த மொத்தத்திலிருந்து கழியும். மொத்தத்தை விட விற்ற பணம் அதிகமானால், மிஞ்சுவதுதான் ஆதாயம். 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் இது குறுகிய கால ஆதாயம்தான். பங்கு விற்பவர்களுக்கு உள்ள தனி வரி விகிதமும் இதற்குக் கிடையாது. உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான விகிதத்தில் வரி.

என் கணக்கையே சொல்கிறேன். சிஎன்சி லேத் வாங்கிய விலை 22 லட்சம். பத்து வருஷம் 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் அதன் பங்கு ஏறத்தாழ 4.33 லட்சமாகச் சுருங்கிவிடும். மற்ற மெஷின்களையும் சேர்த்து, விற்ற நிதியாண்டின் தொடக்கமான ஏப்ரல் 1 அன்று பிளாக்கில் இருந்தது 6,00,000 ரூபாய். லேத்தை 9,40,000க்கு விற்றேன். தரகும் கழற்றி ஏற்றிய கூலியும் 20,000. ஆக, 9,40,000இல் 20,000ஐயும் 6,00,000ஐயும் கழித்தால் 3,20,000. இதுதான் ஆதாயம். 22 லட்சத்தில் பெரும்பகுதியை அதற்கு முந்தைய வருஷங்களில் லாபத்திலிருந்து கழித்து வரியைக் குறைத்துக்கொண்டாயிற்று. சந்தையில் மெஷின் அவ்வளவு வேகமாகத் தேயவில்லை என்பது விற்கும்போது வெளியே வருகிறது.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. பிளாக் பூஜ்யமாகிவிட்டது. மிச்ச மெஷின்கள் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தாலும் அவற்றுக்கு இனித் தேய்மானம் கிடையாது.

"தேய்மானமே எழுதவில்லையே" என்று சிலர் வாதாடுவார்கள். செல்லாது. நீங்கள் கேட்காவிட்டாலும் தேய்மானம் கழிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 44ஏடி பிரிவில் உத்தேச வருமானம் காட்டியவர்களுக்கும் அப்படியே.

இனி என் ஆதங்கம். அந்த வருஷமே 12 லட்சத்துக்குப் புது லேத் வாங்க ஏற்பாடு செய்திருந்தேன். அது மார்ச் 31க்குள் வந்திருந்தால் 6 லட்சத்தோடு 12 லட்சம் சேர்ந்து, 9,40,000 கழிந்து, பிளாக்கில் 8,60,000 நின்றிருக்கும். ஆதாயம் என்ற பேச்சே இல்லை. அந்த வருஷமே பயன்பாட்டுக்கு வந்திருந்தால், 180 நாளுக்குக் குறைவு என்பதால் பாதி விகிதத்தில் 64,500 தேய்மானமும் கிடைத்திருக்கும். வங்கி கடனை ஜனவரியிலேயே அனுமதித்தது. பிறகு அந்தக் காகிதம், இந்தக் கையெழுத்து என்று இழுத்து, ஏப்ரலில்தான் பணத்தை விடுவித்தது. முழுப் பணம் வராமல் சப்ளையர் பில் போடவில்லை. கையிலிருந்து கொடுத்த அட்வான்ஸ் கொள்முதல் ஆகாது. கேட்ட காகிதம் எல்லாவற்றையும் கேட்ட அன்றே கொடுத்தவனுக்கு இந்தக் கதி. கூடுதல் வரியை வங்கியா கட்டும்?

"வரியை ஏய்க்க வழி சொல்கிறான்" என்று யாராவது கிளம்பலாம். இல்லை. புது மெஷினால் இது தள்ளித்தான் போகிறது. பிளாக் அந்த அளவுக்குச் சிறியதாகி, பின்னால் தேய்மானம் குறையும்.

ஒரு நுணுக்கம். மெஷின் எல்லாவற்றையும் விற்று பிளாக்கே காலியானால், பிளாக் மதிப்பை விடக் குறைவாக விற்றதைக் குறுகிய கால மூலதன நஷ்டமாகக் காட்டலாம். ஒரு மெஷினாவது மிச்சமிருந்தால் நஷ்டம் காட்ட முடியாது, மீதி மதிப்பில் தேய்மானம் தொடரும்.

ரிட்டர்ன் போடும் முன் அந்த நிதியாண்டின் கொள்முதல் பில்களை ஒருமுறை புரட்டுங்கள். மார்ச் 31க்குள் வாங்கிய கம்ப்ரஸரோ வெல்டிங் மெஷினோ செலவுக் கணக்கில் ஒதுங்கியிருந்தால், அதன் முழு விலையும் பிளாக்கில் சேரும், ஆதாயம் அந்த அளவு குறையும். கம்ப்யூட்டர் வாங்கியது உதவாது, அது 40 சதவீத பிளாக்.