கரும்பு ஜூஸ் போர்டில் எந்த வரி மேலே, எந்த வரி கீழே? – கேள்வி பதில்

புதுக்கடை: அண்ணே, மூணடி அகலம், நாலடி உயரத் தகரம். பேரு, விலை, சுத்தம் பத்தி ஒரு வரி, இஞ்சி, எலுமிச்சை, புதினான்னு எல்லாமே ஒரே போர்டுல வரணும். எதை மேல எழுதறது?

பதில்: தம்பி, படிக்கிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். வரிசை தானாக வந்துவிடும். ஓர் அங்குல எழுத்தைப் பத்தடி தூரம் வரை சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு வினாடிக்குச் சுமார் 27 அடி ஓடிவிடும். ஆறு அங்குல எழுத்தாக இருந்தாலும் அவருக்கு இரண்டு மூன்று வினாடிதான் கிடைக்கும். அதற்குள் என்ன விற்கிறது, என்ன விலை என்ற இரண்டைத்தான் பிடிப்பார். வண்டியை ஓரம் கட்டலாமா என்று யோசிக்கும்போது சுத்தம் பற்றிய வரி கண்ணில் படவேண்டும். இஞ்சியா புதினாவா என்ற கேள்வி மெஷின் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எழும்.

உங்கள் தகரத்துக்கு 48 அங்குல உயரம். மேலே 3 அங்குலம் காலி விடுங்கள். ‘கரும்பு’ என்ற வரிக்கு 10 அங்குலப் பட்டை, அதில் எழுத்தின் உடல் 6 அங்குலம். மிச்சம் புள்ளிக்கும், ‘ரு’, ‘பு’ கீழே இறங்கும் சுழிக்கும் வேண்டும். ‘ஜூஸ்’ அடுத்த வரி, 9 அங்குலம். இரண்டு சொல்லையும் ஒரே வரியில் அடைத்தால் மூணடி அகலத்தில் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். விலைக்கு 10 அங்குலம், இலக்கம் 8 அங்குல உயரம். அதன் கீழே ஒன்றரை அங்குல எழுத்தில் சுத்தம் பற்றி இரண்டு வரி, மொத்தம் 6 அங்குலம். சுவைகளுக்கு மூன்று வரி, 7 அங்குலம். அடியில் 3 அங்குலம் காலி.

போர்டைத் தரையில் வைக்காதீர்கள். முன்னால் ஒரு பைக் நின்றாலே கீழ்ப்பாதி மறைந்துவிடும். ஒன்றரை அடி உயரத்தில் ஏதாவது தாங்கல் கொடுங்கள்.

விலைதான் ராஜா: பேரே வேண்டாம்ணே. மெஷினும் கரும்புக் கட்டும் கண்ணுக்குத் தெரியுதில்ல? விலையை மட்டும் ரெண்டடிக்கு எழுதினா ஆளு தானா நிப்பான்.

பதில்: பாதி சரி. மெஷின் சாலையைப் பார்த்து நின்று, கரும்புக் கட்டும் வெளியே சாய்ந்திருந்தால் பெயரைச் சின்னதாக்கி விலையைப் பெரிதாக்கலாம். ஆனால் குடையோ தார்ப்பாயோ மறைத்தால், வெறும் இலக்கத்தைப் பார்க்கிறவருக்கு அது இளநீர் விலையா, மோர் விலையா என்று தெரியாது. எதிர்ப்புறம் ஐம்பதடி தள்ளி நின்று பாருங்கள். மெஷினின் சக்கரம் அங்கிருந்து தெரிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, சின்ன டம்ளர் விலையைப் பெரிதாக எழுதிப் பக்கத்தில் ‘முதல்’ என்று கடுகளவு போடுவது. காசு கொடுக்கும் நேரத்தில் தினமும் வாக்குவாதம் வரும். அதிகம் விற்கும் டம்ளரின் விலையை மட்டும் பெரிதாக எழுதுங்கள். மற்ற அளவு சுவை வரிகளோடு போகட்டும்.

பள்ளி வாசல் அக்கா: எங்க கடைக்கு நடந்து வர்ற அம்மாக்கள்தான் அதிகம். விலையைப் பாக்குறதுக்கு முன்னாடி ‘ஐஸ் எந்தத் தண்ணி’ன்னுதான் கேக்குறாங்க. அப்ப சுத்தம் வரி விலைக்கு மேல போகலாமா?

பதில்: போகலாம் அக்கா, நடந்து வருகிறவர்களுக்கு நேரம் இருக்கிறது. அப்படியானால் அந்த வரியை மூன்று அங்குலத்துக்காவது உயர்த்துங்கள். ஒன்றரை அங்குல எழுத்தை அப்படியே மேலே ஏற்றினால் விலை தள்ளிப்போவதுதான் மிச்சம். ஆனால் அதே சாலையில் பைக்கும் வருமே என்றால், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே போர்டு பொருந்துமா என்பது எனக்கே சந்தேகம்தான். ஒரு வாரம் யார் அதிகம் நிற்கிறார்கள் என்று கவனித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி கேட்பவன்: சுத்தம் பத்தின வரின்னா கரும்பை எத்தனை தடவ கழுவணும், சார்?

பதில்: அது வேறு கேள்வி. இங்கே பேசுவது போர்டில் என்ன எழுதுவது என்று. ஆனாலும் ஒரு தொடர்பு இருக்கிறது. ‘100% சுத்தம்’ என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. நிற்கிறவர் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடியதை எழுதுங்கள். ‘தோல் சீவிக் கழுவிய கரும்பு’ ஒரு வரி, ‘ஐஸ் கேட்டால் மட்டும்’ அடுத்த வரி. பின்னால் கரும்பு மண்ணோடு கிடந்தால் முதல் வரியே கடைக்கு எதிரியாகிவிடும். ஐஸ் கட்டி சாக்கில் சுற்றித் தரையில் கிடக்கிறதென்றால் ஐஸைப் பற்றி எழுதவே வேண்டாம், முதலில் அதை மூடி போட்ட பெட்டிக்கு மாற்றுங்கள்.

பிரஷ் பிடிக்கிறவன்: இஞ்சி, எலுமிச்சை வரி எழுதினா எழுத்து அடைச்சுப்போகுது. தள்ளி நின்னா வெறும் கறுப்புத் திட்டாத் தெரியுது.

பதில்: மேல் வரிக்கு எடுத்த பிரஷ்ஷையே கீழேயும் ஓட்டுகிறீர்கள். கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஆறு அங்குல எழுத்துக்கு ஓர் அங்குலத் தட்டை பிரஷ் சரி. ஓர் அங்குல எழுத்துக்கு மெல்லிய உருண்டை பிரஷ்தான். ‘ஞ்’, ‘லு’, ‘று’ போன்றவற்றின் உள்வெளி முதலில் அடைபடும். புள்ளி இதற்கு நேர்மாறு, அதைக் கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக வையுங்கள், இல்லையென்றால் தூரத்தில் காணாமல் போகும். பெயின்ட் நீர்த்திருந்தாலும் எழுத்து வழிந்து அடைக்கும். டர்பன்டைனை ஊற்றாமல் பிரஷ் நுனியில் தொட்டுக்கொள்வதே போதும்.

சுவைகள் மூன்றுக்கு மேல் இருந்தால் இந்தப் போர்டில் ஏற்றாமல், மெஷின் பக்கத்தில் கண் உயரத்தில் தனிப் பலகை மாட்டுங்கள்.

புதுக்கடை: விலை ஏறினா முழுசா அடிச்சு எழுதணுமாண்ணே? பச்சைல வெள்ளை எழுத்துன்னு நினைச்சிருக்கேன், விலை மட்டும் சிவப்பு.

பதில்: பச்சைமேல் சிவப்பு வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி, தூரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு விலையே தெரியாது. வெயிலில் பளிச்சென்ற சிவப்பு சீக்கிரம் வெளுக்கவும் செய்யும்.

விலைக்கு மட்டும் மஞ்சள் கட்டம் அடித்து, அதில் கறுப்பு இலக்கம் எழுதுங்கள். விலை மாறும்போது கட்டம் முழுவதையும் மறுபடி அடித்து எழுதலாம், ஒட்டுப்போட்டது தெரியாது. பச்சையிலேயே எழுதி அதன் மேல் புதுப் பச்சை பூசினால், வெயிலில் வெளுத்த பழைய பச்சையோடு சேராமல் சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

தகரக்காரர்: போன கோடைல எழுதினது தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. பெயின்ட் மோசமா?

பதில்: ஜிஐ தகரமாக இருந்தால் பெயின்ட்டைக் குறை சொல்லாதீர்கள். துத்தநாகப் பூச்சின் மேல் எனாமலை நேரடியாக அடித்தால் பிடிப்பு இருக்காது. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, ஜிஐக்கென்று விற்கும் பிரைமரை அடியுங்கள். சாதாரண இரும்புத் தகரமானால் ரெட் ஆக்சைடு போதும். அடிநிறத்தை ஓர் இரவு காயவிட்டு, சாக்பீஸ் தடவிய நூலை இழுத்து அடித்து வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுவது காலையில், நிழலில். வெயில் ஏறிய தகரத்தில் பெயின்ட் பிரஷ்ஷோடு இழுபடும், விளிம்பு பிசிறடிக்கும்.